எல்லாரும் நீர்வீழ்ச்சியதான் பாக்குறாங்க, பொண்ணு மாப்பிள்ளைய பாக்கல: வின்யெட், டொட்ஜ், பேர்ன் எப்படி போடலாம்?

கொழுந்துமலை

வணக்கம் எல்லாருக்கும். தலவாக்கலை பக்கம் சின்னதா ஒரு ஸ்டூடியோ வெச்சிருக்கேன். ஒரு கல்யாண ஆர்டர்ல மாட்டிக்கிட்டேன். அன்னைக்கு முழுக்க மழை, வெளிய கூட்டிட்டு போய் எடுக்க ஏலல, அதனால மண்டபத்துலயே சாம்பல் கலர் பேக்ட்ரொப் கட்டி ரெண்டு பேரையும் முழு உயரத்துக்கு எடுத்தாச்சு. இப்ப வீட்டுக்காரங்க ஆல்பத்துல ஒரு ஸ்ப்ரெட்டுக்கு சென்ட் கிளேயர் நீர்வீழ்ச்சி பின்னாடி வரணும்னு கேக்குறாங்க. ஹட்டன் நுவரெலியா ரோட்டுல வியூ பொயின்ட்ல நின்னு எடுத்த நல்ல ஷொட் ஒன்னு என்கிட்ட இருக்கு, காலைல எடுத்தது, மேல மூடுபனி, கீழ தேயிலை, வலது பக்கம் நீர்வீழ்ச்சி வெள்ளையா விழுது.

ஸ்ப்ரெட் 12க்கு 30 இஞ்சி. ரெண்டு பேரையும் வெட்டி இடது பக்கம் வெச்சிருக்கேன். பொண்ணு சிவப்பு கூறைச்சேலை, மாப்பிள்ளை வெள்ளை பட்டு வேட்டி சட்டை. வெட்டுனது சுத்தமாத்தான் இருக்கு, காலடி நிழலும் போட்டுட்டேன். ஆனா யார்கிட்ட காட்டினாலும் கண்ணு முதல்ல நீர்வீழ்ச்சிக்கு போகுது, அடுத்து வேட்டிக்கு போகுது, மூஞ்சிக்கு கடைசியாத்தான் வருது. சரின்னு ஃபோட்டோஷொப்ல கேமரா ரோ ஃபில்டர்ல வின்யெட் மைனஸ் 35 போட்டேன், அது இன்னும் மோசம். ரெண்டு பேரும் இருட்டாகிட்டாங்க, நடுவுல ஒன்னுமே இல்லாத இடம் பளிச்சுன்னு நிக்குது. என்ன பண்ணலாம்?

ஷட்டர் சிவம்

மச்சான் இது சிம்பிள். வின்யெட்ட பேக்கிரவுண்டுக்கு மட்டும் போடு, ஆள் லேயருக்கு கீழ. அப்ப பின்னாடி இருட்டாகும், ஆள் பளிச்சுன்னு முன்னாடி வரும். அதுக்கு மேல புது லேயர் ஒன்னு 50% கிரே நிரப்பி சொஃப்ட் லைட்ல வெச்சு, கறுப்பு பிரஷ்ஷால நீர்வீழ்ச்சிய தேய், வெள்ளை பிரஷ்ஷால மூஞ்சிய தேய். நான் எல்லா வேலைக்கும் இதான் பண்றேன், பத்து நிமிஷ வேலை.

போன்கேமரா புசல்லாவ

அண்ணே எனக்கும் இதே பிரச்சினைதான், தங்கச்சி பிள்ளைய கோயில் வாசல்ல வெச்சு எடுத்தேன் பின்னாடி டியூப் லைட் பளிச்சுன்னு இருக்கு, ஸ்னாப்சீட்ல வின்யெட் போட்டா பிள்ளையும் சேந்து இருட்டாகுது. இதுக்கும் கிரே லேயர் போடலாமா, போன்ல எங்க இருக்கு அது?

பதுளை ரீடச்

புசல்லாவ தம்பி, உங்களுக்கு கிரே லேயர் எல்லாம் வேணாம். ஸ்னாப்சீட்ல வின்யெட் டூலை தொறந்ததும் நடுவுல ஒரு நீலப் புள்ளி தெரியும், அதை விரல்ல இழுத்து பிள்ளை மூஞ்சில வைங்க, ரெண்டு விரலால வட்டத்தை சின்னதாக்குங்க. டியூப் லைட்ட வெட்டி விடுறதுதான் நல்லது, படத்துக்கு அது ஒன்னும் செய்யல.

கொழுந்துமலை தம்பிக்கும் பாதி பதில் அந்த புள்ளிலதான் இருக்கு. கேமரா ரோல இருக்குற அந்த வின்யெட்டுக்கு ஆள் எங்க நிக்கிறாங்கன்னு தெரியாது. அது ஃபிரேமோட நட்டநடு எதுவோ அதை சுத்தித்தான் இருட்டாக்கும், அந்த நடுவை நகர்த்த வழியே கிடையாது. நீங்க போட்டிருக்குறது 12க்கு 30, ஜோடி இடது பக்கம். அப்ப ஆக வெளிச்சமான இடம் எங்க விழும்னு யோசிங்க, ஆல்பம் மடியிற கோட்டுல விழும். அதுக்கு வலது பக்கத்துலயே நீர்வீழ்ச்சி. வீட்டுக்காரங்க காசு குடுத்து மடிப்பை பாக்குறாங்க.

சிவம் தம்பி சொன்னதுல பாதி சரி, பாதி இந்த படத்துக்கு வேலை செய்யாது. இப்ப பஸ்ல இருக்கேன், வீட்டுக்கு போய் எழுதுறேன்.

ஷட்டர் சிவம்

அக்கா எது வேலை செய்யாதுன்னு சொல்லிட்டு போயிருக்கலாம் 😄

வடலி

நுவரெலியாவில வேலை செய்யிறன், ஊர் யாழ்ப்பாணம். எனக்கெண்டா இது லைட்டிங் பிரச்சினையே இல்லை, பேக்கிரவுண்ட் தெரிவில பிழை. நீர்வீழ்ச்சி மாதிரி ஒரு வெள்ளைக்கோடு கறுப்புப் பாறைக்கு நடுவில நிண்டா ஆர் பாத்தாலும் அங்கதான் பாப்பினம். அதோட சண்டை பிடிக்கிறதை விட்டிட்டு வெறும் தேயிலை மலையும் மூடுபனியுமா ஒரு படத்தைப் போடுங்கோ, வேலை முடிஞ்சுது.

கொழுந்துமலை

வடலி அண்ணே, அவங்க கேட்டதே சென்ட் கிளேயர்தான். பொண்ணோட அம்மா அப்பா அந்தப் பக்கத்து தோட்டம். நீர்வீழ்ச்சி இல்லாம குடுத்தா ஆல்பத்தை திருப்பி அனுப்பிடுவாங்க. நீர்வீழ்ச்சி தெரியவும் வேணும், ஆனா அது ரெண்டாவதா தெரியணும்.

பதுளை ரீடச்

வந்துட்டேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல சிவம் தம்பியோட கிரே லேயர். அதை நானும் நிறைய வெச்சுக்கிறேன், மூஞ்சிக்கு, சேலை மடிப்புக்கு எல்லாம் அருமையான முறை. ஆனா சொஃப்ட் லைட் எப்படின்னா, நடு டோன்லதான் அதுக்கு பலம். சுத்த வெள்ளையையும் சுத்த கறுப்பையும் அது தொடவே தொடாது, அதுக்கு பக்கத்துல உள்ளதையும் கொஞ்சமாத்தான் அசைக்கும். நீர்வீழ்ச்சி மேல மௌஸ் வெச்சு இன்ஃபோ பேனல்ல பாருங்க, 248 கிட்ட காட்டும்னு நினைக்கிறேன். அதுல கிரே லேயர்ல முழுக் கறுப்பை, நூறு வீதம், தேய்ச்சாலும் 241க்குத்தான் வரும். அதே கறுப்பை 128ல இருக்குற தேயிலை இலை மேல தேய்ச்சா 64க்கு விழுந்துடும். அதாவது நீர்வீழ்ச்சிய இருட்டாக்குறேன்னு தேய்க்க தேய்க்க, பிரஷ் வெளிய பட்ட பாறையும் மரமும்தான் கறுப்பாகும், தண்ணி அப்படியே இருக்கும். கறுப்புக்கு நடுவுல வெள்ளை இன்னும் கூடுதலா அடிக்கும். செஞ்சு பாத்தவங்களுக்கு தெரியும், ஓவர்லேக்கு மாத்தினாலும் இதே கதைதான்.

வெள்ளைய இறக்கணும்னா கேர்வ்ஸ் லேயர்தான். வலது மேல் மூலைல இருக்குற புள்ளிய நேரா கீழ இழுங்க, அவுட்புட் 232 வர்ற வரைக்கும். அப்ப 248 வந்து 226 கிட்ட நிக்கும். மாஸ்க்கை கறுப்பாக்கிட்டு நீர்வீழ்ச்சி மேல மட்டும் மெதுவான வெள்ளை பிரஷ்ஷால திறந்து விடுங்க.

எவ்வளவு இறக்கலாம்ங்கிறதுக்கு எல்லை ஒன்னு இருக்கு. பக்கத்துல இருக்குற மூடுபனி எவ்வளவுன்னு பாத்துக்கோங்க, 215 இருக்குன்னு வைங்க. தண்ணி அதை விட ஒரு துளி வெளிச்சமா இருக்கணும். மூடுபனிக்கு கீழ இறக்கினீங்கன்னா தண்ணி சிமெந்து பூசின மாதிரி ஆகிடும், பாத்த உடனே எடிட் பண்ணதுன்னு சொல்லிடுவாங்க. 220க்கு இழுத்து 214ல வெச்சு பாருங்க, நான் சொல்றது அப்பவே தெரியும்.

இன்னொரு பக்கம்தான் ஆக முக்கியம், இதை யாரும் செய்றதில்ல. கண்ணை இழுக்குறது தண்ணியோட வெள்ளை மட்டும் இல்ல, அந்த வெள்ளைக்கும் பக்கத்து பாறைக்கும் உள்ள வித்தியாசம். பாறை 25ல இருந்தா, இன்னொரு கேர்வ்ஸ் போட்டு இடது கீழ் மூலைய மேல தூக்குங்க, அவுட்புட் 30. பாறை 52க்கு வந்துடும். லேசா பனி மூடின மாதிரி இருக்கும், தூரத்து மலைன்னா அப்படித்தான் இருக்கணும், யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. முன்ன 25க்கும் 248க்கும் இடைல இருந்த சண்டை இப்ப 52க்கும் 226க்கும் இடைல. நீர்வீழ்ச்சி தெரியும், ஆனா கூப்பிடாது.

ஷட்டர் சிவம்

ஓகே அந்த 241 கணக்கு நானும் இப்ப போட்டு பாத்தேன், சரிதான். ஆனா வின்யெட்ட ஆளுக்கு கீழ போடுறதுல என்ன பிழை? பின்னாடி இருட்டு, முன்னாடி வெளிச்சம், போர்ட்ரெய்ட்டே அதுதானே.

பதுளை ரீடச்

ஸ்டூடியோ போர்ட்ரெய்ட்டுக்கு சரி தம்பி. அங்க பின்னாடி ஒரு துணிதான். இங்க ஜோடி ஒரு இடத்துல நிக்கிறாங்க, அவங்க காலும் தேயிலைச் செடியும் ஒரே வெளிச்சத்துல இருக்கணும். ஃபிரேமோட கீழ் ஓரம் வின்யெட்ல இருட்டாகி, அதே உயரத்துல இருக்குற சேலை கரையும் வேட்டி நுனியும் மட்டும் மண்டப வெளிச்சத்துல பளபளன்னு நின்னா ஸ்டிக்கர் ஒட்டினதாத்தான் தெரியும். வெட்டுன ஓரம் எவ்வளவு சுத்தமா இருந்தாலும் அது காப்பாத்தாது. அதனால என் வழக்கம், வின்யெட் லேயர் எல்லாத்துக்கும் மேல, ஆளையும் சேத்து மூடும். மூஞ்சிலயும் நெஞ்சுலயும் மட்டும் அது படாது, இடுப்புக்கு கீழ மெல்ல மெல்ல விழும்.

இதுக்கு கேமரா ரோ வேணாம். கேர்வ்ஸ் லேயர் ஒன்னு, நடுப்புள்ளிய 128ல இருந்து 100 கிட்ட இறக்குங்க. மாஸ்க்ல ரேடியல் கிரேடியன்ட், நடு கறுப்பு, வெளிய வெள்ளை. நடுவை பொண்ணு மூஞ்சிக்கும் மாப்பிள்ளை மூஞ்சிக்கும் இடைல, கழுத்து உயரத்துல வைங்க. வட்டமா இல்லாம கொஞ்சம் நெட்டையான முட்டை வடிவம். ஒபாசிட்டி 40ல ஆரம்பிச்சு குறைச்சுக்கிட்டே வாங்க, வின்யெட் இருக்குன்னு உங்களுக்கே தெரியாம போய், லேயரோட கண்ணை மூடினா மட்டும் ஏதோ குறையுதுன்னு தோணுற இடத்துல நிறுத்துங்க.

ஒன்னு கவனிக்கணும், நடு இடது பக்கம் இருக்குறதால வலது பக்கம் நல்லா இருட்டாகும், இடது ஓரம் கிட்ட இருக்குறதால அவ்வளவா இருட்டாகாது. அந்த ஓரத்துல வெளிச்சமான பனித்துண்டு ஏதும் இருந்தா பொண்ணை பாத்த கண்ணு நேரா அங்க வழுக்கி பேஜுக்கு வெளிய போயிடும். அதை தனியா பெரிய பிரஷ்ஷால பேர்ன் பண்ணுங்க.

கொழுந்துமலை

அக்கா இது தங்கம். இன்ஃபோ பேனல்ல பாத்தேன், நீர்வீழ்ச்சி 249, பனி 217, பாறை 22. நீங்க சொன்னதுக்கு கிட்டத்தட்ட அதேதான். பாறைய தூக்கினதும் பெரிய வித்தியாசம், தண்ணிய கொஞ்சம்தான் இறக்க வேண்டி இருந்துச்சு. இப்ப வேட்டிதான் பிரச்சினை. 240 காட்டுது, படத்துலயே பெரிய வெள்ளைப் பரப்பு அதுதான், கண்ணு நேரா முழங்காலுக்கு போகுது.

வடலி

வேட்டியைத் தொடாதேங்கோ. பட்டு வேட்டி வெள்ளையாத்தான் இருக்கோணும், ஆக்கள் அதைத்தான் விரும்புவினம். நான் ஒருக்கா இறக்கிக் குடுக்க மாப்பிள்ளையின்ர அண்ணா வந்து வேட்டி ஏன் மங்கலா கிடக்கு, தோய்க்காத வேட்டி மாதிரி எண்டு கேட்டவர். மூஞ்சியைத் தூக்குங்கோ, வேட்டியை விடுங்கோ.

பதுளை ரீடச்

நான் அதுக்கு ஒத்துக்க மாட்டேன். நம்ம ஆக்களோட நிறத்துக்கு மூஞ்சி படத்துல 140, 150 கிட்ட நிக்கும். வேட்டி 240. மூஞ்சிய எவ்வளவு தூக்கினாலும் வேட்டிய முந்தாது, முந்துற அளவுக்கு தூக்கினா மூஞ்சி மூஞ்சியா இருக்காது, பவுடர் அப்பின மாதிரி ஆகும். நான் பாத்த எத்தனையோ கல்யாண ஆல்பத்துல பொண்ணு ஒரு நிறம் கை ஒரு நிறம், எல்லாம் இப்படி டொட்ஜ் பண்ணித்தான். மூஞ்சிய 10, 15 தூக்குங்க, அதுக்கு மேல வேணாம். மிச்ச வேலைய சுத்தி உள்ளதை இறக்கி செய்யுங்க.

வேட்டிய முழுசா இறக்கினா வடலி சொல்ற பிரச்சினை வரும், உண்மைதான். அதனால கிரேடியன்ட்ல இறக்குங்க. ஆள் லேயருக்கு மேல கேர்வ்ஸ் வெச்சு Ctrl+Alt+G அடிச்சா ஆளோட மட்டும் பூட்டிக்கும். மேல் மூலைய 215க்கு இழுங்க, மாஸ்க்ல நேர் கிரேடியன்ட், இடுப்புல ஒன்னும் இல்ல, கணுக்கால்ல முழுசு. அப்ப இடுப்பு கிட்ட வேட்டி 240லயே இருக்கும், கால் கிட்ட 202. மேல வெள்ளைய பாத்த கண்ணு கீழ உள்ளதும் வெள்ளைன்னே எடுத்துக்கும். தோய்க்காத வேட்டின்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

ஆனா ஒன்னு, மடிப்பு தெரியணும். 240லயும் மடிப்பு இருந்தா சரி. எல்லா இடமும் 255ல வெடிச்சிருந்தா கேர்வ்ஸ் இழுத்தா தட்டையான சாம்பல் அட்டைதான் கிடைக்கும், அங்க திருப்பி எடுக்க ஒன்னுமே இல்ல. அப்ப ரோ ஃபைலுக்கு திரும்பி போய் ஹைலைட்ஸை இறக்கி புதுசா கொண்டு வரணும்.

வடலி

சரி அக்கா, நீங்கள் உங்கட ஆக்களுக்குச் செய்யுங்கோ, நான் என்ர ஆக்களுக்கு வெள்ளை வேட்டியோட குடுக்கிறன். 🙂

பழைய டார்க்ரூம்

பிள்ளைகளே, நான் பண்டாரவளையில ஸ்டூடியோ நடத்தின காலத்துல கம்பியூட்டர் கிடையாது, என்லாஜருக்கு கீழ கையாலதான் இதெல்லாம். டொட்ஜ் பண்ண ஒரு கம்பில கறுப்பு மட்டை வட்டமா வெட்டி ஒட்டி வெச்சிருப்போம். பேப்பருக்கு வெளிச்சம் பத்து செக்கன்ட்னா, அதுல ரெண்டு செக்கன்ட் மூஞ்சிய அந்த மட்டையால மறைப்போம், அவ்வளவு வெளிச்சம் குறைஞ்சதால மூஞ்சி வெளுப்பா வரும். பேர்னுக்கு பெரிய மட்டைல ஓட்டை போட்டு, அந்த ஓட்டை வழியா மட்டும் கூடுதலா வெளிச்சம் குடுப்போம்.

ஒரு விஷயம் கவனிக்கணும், மட்டைய ஒரு இடத்துல வெச்சுக்கிட்டு நின்னா அதோட ஓரம் பேப்பர்ல கோடா விழுந்துடும். அதனால கை ஆடிக்கிட்டே இருக்கணும், பேப்பருக்கும் லென்ஸுக்கும் இடைல கொஞ்சம் தூக்கியே பிடிக்கணும், தூக்க தூக்க ஓரம் மெத்துன்னு வரும். இப்ப உள்ள பிள்ளைகள் படத்துல நான் பாக்குறது என்னன்னா ஆளை செலெக்ட் பண்ணி அந்த ஓரத்தோட பின்னாடி இருட்டடிக்கிறது. ஆளை சுத்தி கறுப்புக் கரை போட்ட மாதிரி இருக்கும். இல்லாட்டி தலைய சுத்தி வெளிச்சம், சாமி படத்துல வர்ற ஒளிவட்டம் மாதிரி. ரெண்டுமே ஓரத்தை பிடிச்சுக்கிட்டு வேலை செய்றதால வர்ற வினை.

அந்தக் காலத்துல பேப்பர் நாலு ஓரத்தையும் ஒரு துளி கூடுதலா எரிப்போம். அதைத்தான் நீங்க வின்யெட்னு சொல்றீங்க போல. நாலு ஓரத்துக்கும் ஒரே அளவு குடுக்குறதில்ல, எந்த ஓரம் கத்துதோ அதுக்கு கூட.

ஷட்டர் சிவம்

ஐயா அந்த கறுப்புக் கரை என் படத்துலயும் வருது. ஆளை Ctrl அடிச்சு க்ளிக் பண்ணி செலெக்ட் பண்ணி இன்வர்ஸ் பண்ணித்தான் பேர்ன் பண்ணுவேன், ஆள் மேல படக்கூடாதுன்னு. ஃபெதர் கூட்டினா போயிடும்ல?

பதுளை ரீடச்

போகாது தம்பி, அகலமான கரையா மாறும், அவ்வளவுதான். செலெக்ஷனை விட்டுடுங்க. ஆள் லேயர் மேல இருக்கு, கீழ உள்ள பேக்கிரவுண்ட்ல பேர்ன் பண்ணா ஆள் மேல எப்படியும் படாது, பிறகு எதுக்கு செலெக்ஷன்? 12க்கு 30ன்னா 300 பிபிஐல 9000 பிக்சல் அகலம். அதுல 200 பிக்சல் பிரஷ் வெச்சு சுரண்டினா கரைதான் வரும். ஹார்ட்னஸ் பூச்சியம், சைஸ் 1500, ஃப்ளோ 3 வீதம், ஆளுக்கு தூரத்துல இருந்து ஆரம்பிச்சு ஆளை நோக்கி வந்து, பின்னாடியே கடந்து மற்ற பக்கம் வெளிய போங்க. ஐயா சொன்ன ஆடுற கை இதுதான்.

இருட்டாக்கினதுக்கு அப்புறம் இன்னொன்னு வெளிய வரும். கொழுந்துமலை தம்பி சாம்பல் பேக்ட்ரொப்ல எடுத்திருக்கார். பனி வெளிச்சமா இருக்குற வரைக்கும் ஓரத்துல இருக்குற சாம்பல் நூல் தெரியாது. பின்னாடி இருட்டானதும் தோள்பட்டைலயும் முடிலயும் மெல்லிசா ஒரு வெளிச்சக் கோடு எட்டிப் பாக்கும். நூறு வீதத்துல பெருசாக்கி ஓரத்தை சுத்தி ஒரு தடவை போய் பாருங்க. ஆளோட பூட்டின கேர்வ்ஸ் ஒன்னு வெச்சு அந்த ஓரத்துல மட்டும் சின்ன பிரஷ்ஷால இறக்கினா அடங்கிடும்.

கொழுந்துமலை

சாம்பல் கோடு இருந்துச்சு, பொண்ணோட பூ வெச்ச கொண்டைய சுத்தி. அடக்கிட்டேன். ஐயா, நாலு ஓரத்துக்கும் ஒரே அளவு வேணாம்னு சொன்னது எனக்கு ரொம்ப உதவுச்சு, மேல் ஓரத்துல முழுக்க பனி, அங்க வின்யெட் விழுந்தா மழை மேகம் மாதிரி அழுக்கா தெரியுது. மேல் பக்கத்தை மாஸ்க்ல அழிச்சுட்டேன். ஆனா அப்ப மேல வெளிச்சமா நிக்குதே, கண்ணு மேல போகாதா?

பதுளை ரீடச்

பனி பெரிய பரப்பு, அதுக்குள்ள ஓரமோ கோடோ ஒன்னும் இல்லாட்டி கண்ணு அங்க தங்காது. வெளிச்சம் இருந்தாலும் பாக்க ஒன்னும் இல்லையே. ஆனா பனிக்குள்ள ஒரு மரக்கிளை, கரண்டு கம்பி, மலை உச்சி கறுப்பா நீட்டிக்கிட்டு இருந்தா அதுல போய் தொங்கும். அதை வேணா மங்கலாக்குங்க. நம்ம ஊரு பனிக்கு கறுப்பு வின்யெட் போடவே கூடாதுங்கிறது என் கட்சி, மேல் பாதிய விட்டுட்டு கீழ் பாதிலயும் பக்கத்துலயும் மட்டும் வேலை செய்யலாம்.

அப்புறம் வெளிச்சம் எங்க இருந்து வருதுன்னு பாத்துக்கோங்க. பனி நாள்ல வெளிச்சம் மேல இருந்து, எல்லா பக்கமும் பரவி வரும். உங்க மண்டப லைட் ஒரு பக்கத்துல இருந்து, மூஞ்சி உயரத்துல. அதனால டொட்ஜ் பண்ணும்போது தலை உச்சி, தோள், கன்னத்து மேல் பக்கம்னு போங்க. தாடைக்கு கீழ, கைக்கு கீழ, சேலை மடிப்பு உள்பக்கம் பேர்ன். மண்டப லைட் ஏற்கனவே வெளிச்சம் போட்ட அந்த ஒரு பக்க கன்னத்தை திரும்பவும் டொட்ஜ் பண்ணாதீங்க, அங்கதான் படம் பொய் சொல்லும்.

சிவப்பு சேலை வேற. கிரே லேயர்ல சிவப்பை பேர்ன் பண்ணா கலரும் சேந்து கூடும், தக்காளிச் சிவப்பு ரத்தச் சிவப்பாகிடும். அந்த இடத்துக்கு கேர்வ்ஸ் லேயர் போட்டு பிளென்ட் மோடை லுமினொசிட்டில வெச்சா கலர் அவ்வளவா மாறாது.

போன்கேமரா புசல்லாவ

அக்கா நீலப் புள்ளிய மூஞ்சில வெச்சேன் சூப்பர். டியூப் லைட்ட வெட்டினா கோயில் மணியும் சேந்து போகுது, மணி வேணும்னு அம்மா சொல்றாங்க 😭

ஷட்டர் சிவம்

மணிய விடு தம்பி, பிள்ளைதான் முக்கியம் 😂

கொழுந்துமலை மச்சான் ஒரு டெஸ்ட் சொல்றேன், இதுல நான் கில்லாடி. எல்லாத்துக்கும் மேல சொலிட் கலர் லேயர் ஒன்னு, சுத்த கறுப்பு, பிளென்ட் மோட் கலர். படம் கறுப்பு வெள்ளையாகும். அப்புறம் படத்தை தபால்தலை சைஸுக்கு சின்னதாக்கி கண்ணை லேசா சுருக்கி பாரு. எது முதல்ல தெரியுதோ அங்கதான் எல்லாருக்கும் கண்ணு போகும். சிவப்பு சேலைய நம்பி ஏமாறக்கூடாது, கறுப்பு வெள்ளைல சிவப்பு இருட்டாத்தான் இருக்கும், தேயிலையோட கலந்துடும்.

பதுளை ரீடச்

நல்ல டெஸ்ட், நானும் இதான் பாப்பேன். ஆனா அது வெளிச்சத்தை மட்டும்தான் காட்டும் சிவம். பச்சைக்கு நடுவுல சிவப்பு இருந்தா கறுப்பு வெள்ளைல கலந்தாலும் கலர்ல கண்ணை இழுக்கத்தான் செய்யும், அது நமக்கு இங்க சாதகம். அதனால கலர்லயும் ஒரு தடவை சின்னதாக்கி பாக்கணும். நான் படத்தை இடம் வலம் திருப்பியும் பாப்பேன், பழகின கண்ணு ஏமாத்தும்.

பழைய டார்க்ரூம்

இருட்டு ஓரத்தை ஸ்கிரீன்ல பாத்து முடிவெடுக்காதீங்க. லேப்ல போட்டதும் இன்னும் இருட்டாகும். சின்னதா ஒரு டெஸ்ட் பிரிண்ட் எடுத்து, வாசல் வெளிச்சத்துல வெச்சு பாருங்க, வீட்டு பல்புக்கு கீழயும் பாருங்க. ஆல்பத்தை வீட்டு பல்புல, ராத்திரி, சொந்தக்காரங்க வந்தாத்தான் திறப்பாங்க.

கொழுந்துமலை

ஐயா சொன்ன மாதிரி 8க்கு 20ல ஒன்னு போட்டு எடுத்தேன். நிஜமாவே வலது கீழ் மூலை தேயிலை கறுப்பு குழியா இருக்கு, ஸ்கிரீன்ல செடி செடியா தெரிஞ்சது. மானிட்டர் பிரைட்னஸ் ஃபுல்லாவே வெச்சிருந்தேன், பாதிக்கு இறக்கிட்டு வின்யெட் ஒபாசிட்டிய 40ல இருந்து 22க்கு கொண்டு வந்துட்டேன். இப்ப பக்கத்து கடைக்காரர்கிட்ட காட்டினேன், ஒன்னும் சொல்லாம நீட்டினேன், "பொண்ணு யாரு, நம்ம தோட்டத்து பிள்ளையா"ன்னு கேட்டார். நீர்வீழ்ச்சிய பத்தி அப்புறம்தான் பேசினார்.

ஒரே ஒரு பிரச்சினை மிச்சம். பனில, வின்யெட் ஆரம்பிக்கிற இடத்துல படிக்கட்டு மாதிரி வளையம் வளையமா தெரியுது. பிரிண்ட்லயும் லேசா இருக்கு.

பதுளை ரீடச்

ஃபைல் 8 பிட்ல இருக்கும். பனி மாதிரி வழுவழுப்பான இடத்துல மெதுவா இருட்டாக்கினா 8 பிட்டுக்கு படி பத்தாது. ஆரம்பத்துல இருந்தே 16 பிட்ல செஞ்சிருந்தா வராது, இப்ப மாத்தினா ஏற்கனவே உடைஞ்சது சேராது, ஆனா மேல உள்ள கேர்வ்ஸ் எல்லாம் லேயராவே இருக்குறதால ரோவை 16 பிட்ல திரும்ப எடுத்து பேக்கிரவுண்டை மட்டும் மாத்தி வெச்சா சரியாகும்.

கொழுந்துமலை

மெஷின்ல 8 ஜிபி ரேம்தான் அக்கா, 9000 பிக்சல் 16 பிட்ல இத்தனை லேயரோட திறந்தா மௌஸ் கூட நகராது.

பதுளை ரீடச்

அப்ப 8 பிட்லயே இருங்க. வின்யெட்டுக்கு மேல 50% கிரே லேயர் ஒன்னு ஓவர்லேல வெச்சு நொய்ஸ் 2 வீதம் போடுங்க, கௌசியன், மோனோக்ரொமட்டிக் டிக் பண்ணி. அந்த பொடி நொய்ஸ்ல வளையம் கலைஞ்சுடும், பிரிண்ட்ல நொய்ஸ் தெரியாது. இன்னொரு லாபம், மண்டபத்துல எடுத்த ஆளும் வெளிய எடுத்த மலையும் ஒரே கிரெய்ன்ல வந்துடும். ஆளோட பூட்டாதீங்க, எல்லாத்துக்கும் மேல இருக்கணும்.

வடலி

நொய்ஸ் விசயத்தில அக்காவோட ஒத்துக்கொள்ளுறன். வேட்டி விசயத்தில இல்லை.

கொழுந்துமலை

நொய்ஸ் போட்டேன், வளையம் போயிடுச்சு. வேட்டிய கிரேடியன்ட்ல ஒன்னு, அப்படியே வெள்ளையா ஒன்னு, ரெண்டு ஜேபெக்கும் வாட்ஸ்அப்ல மாப்பிள்ளைக்கு அனுப்பிட்டேன். ப்ளூ டிக் விழுந்துடுச்சு, பதில் இன்னும் வரல.